வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீட்டு விசேஷத்துக்கு ஒரு நாள் லீவ் கேட்பது எப்படி?

வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. வீட்டிலிருந்து போன்: அக்கா மகளுக்குக் காதுகுத்து, தேதி குறித்தாயிற்று. குழந்தையை மடியில் உட்கார வைக்க வேண்டியது தாய்மாமனான நீங்கள். இந்த ஒரு நிலைமையையே எடுத்துக்கொண்டு, லீவ் எப்படிக் கேட்பது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

கணக்குக்கு வைத்துக்கொள்வோம்: கோயம்புத்தூரில் மோட்டார் பம்புகளை மொத்தமாக விற்கும் ஒரு நிறுவனத்தில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கிறீர்கள். விசேஷம் ஒட்டன்சத்திரம் பக்கத்தில் குலதெய்வக் கோயிலில். ஜூன் 10, புதன்கிழமை.

1. முதலில் வீட்டில் கேட்க வேண்டியது

ஆபீசில் வாய் திறப்பதற்கு முன் அம்மாவிடமோ அக்காவிடமோ முகூர்த்த நேரத்தைக் கேளுங்கள். "புதன்கிழமை காதுகுத்து" என்ற தகவல் போதாது. காலை 6 மணியிலிருந்து 7.30க்குள் என்றால் கதையே வேறு. கோவையிலிருந்து உடுமலை, பழனி வழியாகப் பஸ்ஸில் ஒட்டன்சத்திரம் போக மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கிருந்து கோயிலுக்கு வேறு போக வேண்டும். விடியற்காலை முகூர்த்தத்துக்கு அன்று கிளம்பினால் போய்ச் சேர முடியாது. செவ்வாய் சாயங்காலமே கிளம்பியாக வேண்டும்.

ஆக, உங்களுக்கு உண்மையில் வேண்டியது புதன்கிழமை ஒரு நாள் லீவும், செவ்வாய்க்கிழமை ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப பர்மிஷனும். இரண்டையும் ஒரே தடவையில் கேட்டுவிட வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்கள் சொதப்புவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு நாள் என்று சொல்லி வாங்கிவிட்டு, முந்தின நாள் நாலு மணிக்குப் போய், "சார், கொஞ்சம் சீக்கிரம் கிளம்பணும்" என்பார்கள். லீவ் முடிந்த மறுநாள் காலை பத்து மணிக்கு, "பஸ் கிடைக்கல, மதியம் வந்துடறேன்" என்று வாட்ஸ்அப் வரும். ஒரு நாள் லீவ் கொடுத்த மேனேஜருக்கு அது மூன்று நாள் தொந்தரவு. அடுத்த முறை நீங்கள் நியாயமாகவே கேட்டாலும் அவர் யோசிக்கத்தான் செய்வார்.

கறி விருந்து மதியம் என்பதும், அது முடிந்தால்தான் சொந்தபந்தம் விடும் என்பதும் உங்களுக்கே தெரியும். திரும்பும் பஸ்ஸை இப்போதே மனதில் குறித்துக்கொள்ளுங்கள். வியாழன் காலை சீட்டில் இருக்க முடியுமா என்பதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

2. உங்கள் கணக்கில் லீவ் இருக்கிறதா?

வேலையில் சேர்ந்தபோது கொடுத்த ஆர்டரை எடுத்துப் படியுங்கள். தகுதிகாண் காலத்தில் லீவ் பற்றி அதில் ஒரு வரியாவது இருக்கும். சில இடங்களில் மாதம் ஒரு கேஷுவல் லீவ் கணக்கில் ஏறும். சில இடங்களில் வேலை உறுதியாகும்வரை எந்த லீவும் கிடையாது, போனால் அன்றைய சம்பளம் பிடித்தம். எது என்று தெரியாவிட்டால் ஹெச்ஆரில் கேளுங்கள். மேனேஜரிடம் போய், "எனக்கு லீவ் இருக்கா சார்?" என்று ஆரம்பிப்பது நன்றாக இருக்காது.

சட்டப்படி என்ன என்பதும் தெரிந்திருக்கட்டும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 பொருந்தும் இடங்களில், முதல் வருடத்திலேயே 12 நாட்கள் வரை சம்பளத்தோடு கேஷுவல் லீவ் உண்டு. ஒரு வருடம் முடித்த பிறகுதான் என்பது, அதே சட்டத்தில் தனியாக உள்ள 12 நாள் சம்பள விடுமுறைக்கு. பலர் இரண்டையும் குழப்பிக்கொண்டு, புதிய ஆளுக்கு எதுவுமே கிடையாது என்று நினைக்கிறார்கள். அதற்காக சட்டப் பிரிவைச் சொல்லி லீவ் கேட்கப் போக வேண்டாம். ஒரு காதுகுத்துக்கு அது தேவைப்படாது.

விசேஷம் வெள்ளியிலோ திங்களிலோ வந்தால், நடுவில் வரும் விடுமுறையையும் லீவாகக் கணக்கிடும் வழக்கம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நமக்குப் புதன்கிழமை என்பதால் பிரச்சினை இல்லை.

3. அந்தத் தேதியில் ஆபீசில் என்ன இருக்கிறது?

லீவ் கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. விசேஷம் முக்கியமா என்பது மேனேஜருக்குப் பெரிய கேள்வி இல்லை. அவருக்கும் அக்கா தங்கை இருப்பார்கள். அன்றைக்கு எந்த வேலை நின்றுபோகும் என்பதுதான் அவர் கவலை.

நம் உதாரணத்தில் ஜூன் 10 கொஞ்சம் சிக்கலான தேதி. மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்பவர்களுக்கு, மே மாத விற்பனைக் கணக்குக்கு ஜூன் 11 கடைசி நாள். அதைத் தவறவிட்டால் நம்மிடம் பம்பு வாங்கிய கடைக்காரர்களுக்கு அந்த மாதக் கணக்கில் வரி வரவு காட்டாது. பிறகு ஒவ்வொருவராகப் போன் அடிப்பார்கள். அதனால் 10ஆம் தேதி லீவ் என்று கேட்டதும் மேனேஜரின் முகம் மாறினால், அது உங்கள் மேல் உள்ள கோபம் இல்லை.

உங்கள் வேலை, கிளைகளின் விற்பனை பில்களைச் சரிபார்த்து ஆடிட்டர் ஆபீசுக்கு அனுப்புவது என்று வைத்துக்கொள்வோம். அதை 8ஆம் தேதிக்குள் முடிக்க முடியுமா என்று பாருங்கள். ஈரோடும் திருப்பூரும் 5ஆம் தேதியே பில்களை அனுப்பிவிடும். பொள்ளாச்சி கிளை மட்டும் எப்போதும் கடைசி நேரத்தில்தான் அனுப்பும். சரி, பொள்ளாச்சிக்கு இப்போதே போன் போட்டு, "இந்த மாசம் 6ஆம் தேதிக்குள்ள வேணும்ண்ணா" என்று சொல்லிவையுங்கள். அப்புறம் பக்கத்து சீட்டில் இருக்கும் சீனியரிடம், "10ஆம் தேதி ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து ஏதாவது சந்தேகம் கேட்டா நீங்க பார்த்துக்க முடியுமாக்கா?" என்று கேளுங்கள். அவர் சரி என்று சொன்ன பிறகே அவரை மேனேஜரிடம் குறிப்பிட வேண்டும். கேட்காமல் ஒருவரை மாட்டிவிட்டால் இரண்டு பேரிடமும் பெயர் கெடும்.

4. நேரில் கேட்பது

இரண்டு, மூன்று வாரம் முன்பே கேளுங்கள். பத்திரிகை அச்சாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மேனேஜர் உள்ளே நுழைந்ததுமோ, மதியச் சாப்பாட்டுக்கு எழும்போதோ பிடிக்காதீர்கள். மூன்று மணி டீக்குப் பிறகு பெரும்பாலானவர்கள் கொஞ்சம் நிதானமாக இருப்பார்கள்.

தேதியை முதலில் சொல்லுங்கள், காரணத்தை அடுத்து, வேலையைக் கடைசியில். இப்படிப் போகலாம்:

"சார், ஜூன் 10 புதன்கிழமை ஒரு நாள் லீவ் வேணும். அக்கா பொண்ணுக்குக் காதுகுத்து. நான்தான் தாய்மாமன்."

"பத்தாம் தேதியா? பதினொண்ணு ஜிஎஸ்டி இருக்கே?"

"ஆமா சார். மூணு கிளை பில்லும் 8ஆம் தேதி சாயங்காலம் ஆடிட்டருக்குப் போயிடும். பொள்ளாச்சிக்கும் முன்னாடியே சொல்லிட்டேன். 11ஆம் தேதி காலைல நான் வந்துடுவேன். காலைல ஆறு மணி முகூர்த்தம்ங்கறதால, 9ஆம் தேதி மட்டும் அஞ்சு மணிக்குக் கிளம்ப பர்மிஷன் வேணும் சார்."

இதற்கு மேல் பேச வேண்டியதில்லை. அக்கா வீட்டு நிலவரம், மாமா கோபித்துக்கொள்வார் என்ற கதை எல்லாம் வேண்டாம். காரணம் நீள நீள, கேட்பவருக்குச் சந்தேகம்தான் வரும்.

மேனேஜர் வெளி மாநிலத்துக்காரராக இருந்தால் தாய்மாமன் என்றால் என்ன என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள்: குழந்தையின் அம்மாவுடைய சகோதரன் மடியில் வைத்துத்தான் காது குத்துவது எங்கள் வழக்கம், எனக்குப் பதில் வேறு ஆள் உட்கார முடியாது. "குடும்ப விசேஷம்" என்று மொட்டையாகச் சொன்னால், போகாமல் இருந்தாலும் பரவாயில்லாத ஒன்று என்று அவர் நினைத்துவிடலாம்.

உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். மொட்டை அடித்த குழந்தையோடு உங்கள் படத்தைச் சித்தப்பா மகன் அன்றைக்கே ஸ்டேட்டஸில் போட்டுவிடுவான்.

5. எழுத்தில் அனுப்புவது

வாயால் சரி என்றாலும் அன்றைக்கே மெயில் போட வேண்டும். உங்கள் ஆபீசில் மெயில் ஆங்கிலத்தில்தான் போகும் என்றால், வரிசையை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

> பொருள்: ஜூன் 10 (புதன்) ஒரு நாள் விடுப்பு, ஜூன் 9 மாலை ஒரு மணி நேர அனுமதி
>
> வணக்கம் சார்,
>
> இன்று நேரில் பேசியபடி, என் அக்கா மகளின் காதணி விழாவுக்காக ஜூன் 10, புதன்கிழமை ஒரு நாள் விடுப்புக் கேட்டுக்கொள்கிறேன். விழா அதிகாலையில் வெளியூரில் நடப்பதால் ஜூன் 9 அன்று மாலை 5 மணிக்குக் கிளம்பவும் அனுமதி வேண்டும்.
>
> மே மாத விற்பனை பில்களை ஜூன் 8 மாலைக்குள் ஆடிட்டர் அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவேன். 10ஆம் தேதி வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல நம் பிரிவு சீனியர் மேடம் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஜூன் 11 காலை வழக்கம்போல் வேலைக்கு வந்துவிடுவேன்.
>
> நன்றி.
> (உங்கள் பெயர், பிரிவு)

பொருள் வரியில் தேதி இருப்பது முக்கியம். வெறுமனே "லீவ் வேண்டும்" என்று போட்டால், பத்து நாள் கழித்து அவர் தேடும்போது மெயில் கிடைக்காது. லீவுக்கென்று தனி ஆப் இருந்தால் அதிலும் பதிவு செய்யுங்கள். மெயில் போட்டாயிற்றே என்று விட்டுவிட்டால் சம்பளக் கணக்கில் அது ஏறாது.

6. "பார்க்கலாம்" என்றால்?

சரி என்றும் சொல்லாமல் மாட்டேன் என்றும் சொல்லாமல், "பார்க்கலாம்ப்பா" என்பார்கள். அது லீவ் கிடைத்ததாக ஆகாது. வீட்டுக்குப் போன் போட்டு வருகிறேன் என்று உறுதி கொடுத்துவிடாதீர்கள். இரண்டு, மூன்று நாள் விட்டு, "சார், 10ஆம் தேதி லீவ் பத்தி கேட்டிருந்தேன், ஊருக்குச் சொல்லணும்" என்று ஒருமுறை நினைவுபடுத்தினால் போதும்.

முடியாது என்றே சொன்னால், எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதை முன்பே யோசித்து வைத்திருக்க வேண்டும். இங்கே விட்டுக்கொடுக்க முடியாதது காலை முகூர்த்தம். விருந்து அப்படி இல்லை. பாதி நாள் லீவ் எடுத்து, எட்டு மணிக்கு அங்கிருந்து கிளம்பினால் மதியம் ஒன்றரைக்குள் ஆபீஸ் வந்துவிடலாம். "அப்படின்னா மதியம் வந்துடறேன் சார்" என்று நீங்களே சொல்லுங்கள். 11ஆம் தேதி வேலைதான் தடை என்றால் இதற்குப் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். அன்றைக்கு பஸ்ஸிலும் ஆபீசிலுமாக அலைவது உங்கள் பாடு.

7. போவதற்கு முன்னும் வந்த பிறகும்

9ஆம் தேதி கிளம்பும் முன், சீனியருக்கு நாலு வரி எழுதிக் கொடுங்கள்: எந்தக் கிளையின் பில் எந்த ஃபோல்டரில், எதில் சந்தேகம் பாக்கி, ஆடிட்டர் ஆபீசில் யாரிடம் பேசுவது. மேள சத்தத்தில் போன் காதில் விழாது. அதனால் எத்தனை மணிக்கு மேல் போன் எடுப்பீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

11ஆம் தேதி போனதும் முதலில் ஆடிட்டர் ஆபீசிலிருந்து ஏதாவது கேட்டார்களா என்று பார்த்துவிட்டு, அப்புறம் கோயில் பிரசாதத்தை எடுத்து நீட்டுங்கள். மாதக் கடைசியில் ஆப்பைத் திறந்து, அந்த லீவுக்கு மேனேஜர் ஒப்புதல் கொடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். வாயால் சரி சொன்னவர்கள் அங்கே அழுத்த மறந்துவிடுவது சகஜம். சம்பளக் கணக்கு முடிவதற்குள் சொன்னால் இரண்டு நிமிட வேலை. முடிந்த பிறகு என்றால், பிடித்த ஒரு நாள் சம்பளம் பெரும்பாலும் அடுத்த மாதம்தான் திரும்ப வரும்.