சாய்வையும் r-ஐயும் குழப்பாமல் விடை எழுத

ஒட்டுறவு, தொடர்புப் போக்குக் கணக்கில் விடை சரியாக வந்தும் விளக்கத்தில் மதிப்பெண் போவதுதான் அதிகம். ஒரு மாதிரிக் கணக்கு: குறுவை வயல்களில் ஹெக்டேருக்கு 0 முதல் 120 கிலோ வரை தழைச்சத்து இட்டார்கள். தழைச்சத்து x கிலோ, விளைச்சல் y கிலோ என்றால் y = 2000 + 20x, ஒட்டுறவுக் கெழு r = 0.9.

சாய்வு 20. இதை "ஒரு கிலோ தழைச்சத்து கூடினால் விளைச்சல் சராசரியாக 20 கிலோ கூடும்" என்று அலகோடு எழுதுங்கள். 'சராசரியாக' முக்கியம், எல்லா வயலும் அப்படியே ஏறாது. r-க்கு அலகு கிடையாது. புள்ளிகள் ஒரு நேர்கோட்டை எவ்வளவு ஒட்டி நிற்கின்றன, அந்தக் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை மட்டும் அது சொல்லும். 0.9 என்றால் 90 சதவீதம் என்று எழுதிவிடாதீர்கள். r-ஐ வர்க்கப்படுத்தினால் 0.81, விளைச்சல் மாறுபாட்டில் 81 சதவீதத்தை இந்தக் கோடு விளக்குகிறது.

சந்தேகம் வந்தால் அலகை மாற்றிப் பாருங்கள். விளைச்சலை 60 கிலோ மூட்டையாக எழுதினால் சாய்வு மூன்றில் ஒரு மூட்டையாகிவிடும். r அதே 0.9தான்.

அப்புறம், x = 300 போட்டு 8000 கிலோ என்று எழுதுவது வேண்டாம். தரவு 120-இல் முடிகிறது. அவ்வளவு தழைச்சத்து போட்டால் பயிர் சாய்ந்துவிடும் என்று டெல்டாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வரைபடம்? ஒவ்வொரு வயலுக்கும் இரண்டு எண்கள் இருப்பதால் சிதறல் விளக்கப்படம். மேட்டூர் அணையின் தினசரி நீர்மட்டம் என்றால் கோட்டு வரைபடம். வட்டாரவாரியாகச் சாகுபடிப் பரப்பு என்றால் பட்டை வரைபடம்.