பயிற்சித்தாளில் எண் மங்கியிருந்தால், குறி அழிந்திருந்தால் என்ன செய்வது?

பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு கொண்டுவந்த பயிற்சித்தாள் ஆசிரியர் கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தது. காரணிப்படுத்தித் தீர்க்கச் சொல்லியிருந்த நான்காம் கணக்கு கீழ்க்கண்டவாறு தெரிந்தது. முதல் கேள்விக்குறியின் இடத்தில் எதுவுமே இல்லை. இரண்டாவது இடத்தில் மூடிய வளையம் போன்ற ஓர் இலக்கம் மங்கலாக இருந்தது.

```
x² ? 7x + 1? = 0
```

முதலில், பழுது எங்கே நேர்ந்தது என்று பாருங்கள். கைப்பேசிப் படத்தில் மட்டும் மங்கல் என்றால் பகல் வெளிச்சத்தில் மீண்டும் படம் எடுத்தால் போதும். ஸ்கேன் செயலிகளின் கறுப்பு வெள்ளை முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் மெல்லிய கழித்தல் கோட்டையும் தசமப் புள்ளியையும் அது அழுக்கென்று கருதி நீக்கிவிடக்கூடும். வண்ணப் படமே நல்லது. தாளை மடித்த இடத்தில் ஜெராக்ஸ் மை உதிர்ந்திருந்தால், வேறு விதமாக மடித்த நண்பரின் தாளில் அந்தக் குறி அப்படியே இருக்கும். எல்லார் தாளிலும் அதே மங்கல் என்றால் மூலத்தாளே அப்படி. எழுதிய ஆசிரியர்தான் சொல்ல முடியும். எங்கள் தாளில் குறி போனது மடிப்பில். இலக்கம் மங்கியது மூலத்திலேயே. அன்றிரவு யாரையும் கேட்க முடியவில்லை.

அடுத்து, எழுத்தின் வடிவத்தைக் கொண்டு வாய்ப்புகளைக் குறையுங்கள். அதே கையெழுத்தில் தெளிவாக இருக்கும் மற்ற இலக்கங்களோடு ஒப்பிட்டபோது, வளையம் உள்ளவை 0, 6, 8, 9 ஆகியவை. ஆசிரியர் 9-க்குக் கீழே நீண்ட வால் இடுகிறார், இங்கே அது இல்லை. ஆகவே மாறிலி 10, 16, 18 ஆகியவற்றுள் ஒன்று. இந்த ஒப்பீட்டை விடைக்கு முன்பே செய்துவிட வேண்டும். 12 என்று வைத்தாலும் 3, 4 என அழகாகக் காரணிப்படும் என்பதால், விடையிலிருந்து தொடங்குபவர் தாளில் இல்லாத எண்ணையும் அங்கே கண்டுவிடுவார்.

பிறகு ஒவ்வொன்றையும் போட்டுப் பாருங்கள். 16 என்றால் தன்மைக்காட்டி 49 − 64 = −15; 18 என்றால் 49 − 72 = −23. இரண்டுக்கும் மெய் மூலங்கள் இல்லை. காரணிப்படுத்தச் சொன்ன கணக்கில் 10 மட்டுமே பொருந்துகிறது.

நான் தவறியது குறியில்தான். 7-ஐ வர்க்கப்படுத்தினாலும் −7-ஐ வர்க்கப்படுத்தினாலும் 49 வருவதால், தன்மைக்காட்டி குறியைப் பற்றி எதுவும் சொல்லாது.

```
x² − 7x + 10 = (x − 2)(x − 5)
x² + 7x + 10 = (x + 2)(x + 5)
```

இரண்டும் சுத்தமாகக் காரணிப்படுகின்றன. மிகை எண்கள் வருவதே இயல்பு என்று எண்ணி, கழித்தலாக வைத்து 2, 5 என்று எழுதச் சொன்னேன். எடுத்துக்கொண்டதைக் குறிப்பிடவும் இல்லை. ஆசிரியரின் தாளில் இருந்தது கூட்டல். குறி அழிந்தது அவருக்குத் தெரியாததால், மகளுக்குக் குறிகளே தடுமாறுகின்றன என்று முடிவு செய்து அதே வகையில் இன்னும் பத்துக் கணக்குகள் கொடுத்துவிட்டார். விடை மாறியதைவிட, அவளுக்குத் தெரிந்தது தெரியாததாகப் பதிவானதே எனக்கு வருத்தம்.

எனவே எடுகோளை விடைக்கு முன்னால், கணக்கின் தலையிலேயே எழுதுங்கள். எந்த இடம், என்ன தெரிகிறது, எதை எடுத்துக்கொண்டீர்கள், ஏன், மாறினால் விடை என்னவாகும் என்பவை அதில் வர வேண்டும். இப்போது நாங்கள் எழுதுவது இப்படி:

```
கணக்கு 4: மாறிலியின் இரண்டாம் இலக்கம் மங்கலாக உள்ளது.
காரணிப்படுவதால் 10 எனக் கொண்டேன்.
7x-க்கு முன்னுள்ள குறி மடிப்பில் அழிந்துள்ளது.
சான்று இல்லாமல் − எனக் கொண்டேன்: x = 2, 5.
குறி + எனில்: x = −2, −5.
```

காரணம் உள்ள எடுகோளையும் காரணம் இல்லாத எடுகோளையும் ஒரே தொனியில் எழுதாதீர்கள். “சான்று இல்லாமல்” என்ற சொற்கள் திருத்துபவரின் கண்ணைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோகும். தேர்வு அறையில் மட்டும் இந்த வேலையில் இறங்க வேண்டாம். கண்காணிப்பாளரிடம் உடனே கேளுங்கள்.

பின்சேர்க்கை: தசமப் புள்ளி போயிருந்தால் என்ன செய்வது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். 6 வோல்ட் மின்கலத்தோடு இணைத்த மின்தடை 15 ஓமா, 1.5 ஓமா என்பதே அவருடைய ஐயம். மின்னோட்டம் முறையே 0.4 ஆம்பியர், 4 ஆம்பியர் என வருகிறது, இரண்டுமே நடக்கக்கூடியவை. இத்தகைய கணக்கில் எண்ணைத் தொடக்கத்திலேயே இடாமல் R என்றே கடைசி வரி வரை கொண்டுசெல்லுங்கள். I = 6/R என்று நிறுத்திய பிறகு இரண்டு மதிப்புகளையும் இட்டால், ஆசிரியர் சரியான எண்ணைச் சொன்னதும் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றினால் போதும்.