நோயாளி எழுதிவரும் சீட்டை வரிசைப்படுத்தும்போது நாம் செய்யும் தவறுகள்

கடலூரில் ஒரு கிளினிக்கில் டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்து கேஸ் ஷீட் எழுதுகிறேன். போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண், ஒரு பெரியவர் காலண்டர் தாளில் எழுதிவந்த குறைகளை நாலே வார்த்தையில் அழகாகச் சுருக்கியிருந்தாள். எனக்குப் பகீர் என்றது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

சொல்லைச் சுருக்குவது

முதுநகர் துறைமுகத்தில் மீன் கூடை தூக்கும் ஓர் அம்மா, பேரன் எழுதிக் கொடுத்த சீட்டோடு வந்தார். முட்டி வலி, தூக்கம் இல்லை, சுகர் மாத்திரை தீர்ந்துபோச்சு, அரிப்பு. கடைசி வரி: "கூடையோட நடந்தா நெஞ்சுல வாயு அடைக்குது, உக்காந்தா சரியாயிடுது."

நான் "வாயுத் தொல்லை" என்று எழுதி, அவர் வைத்த இடத்திலேயே ஐந்தாவதாக விட்டேன். டாக்டரிடம் கிடைத்த ஆறு நிமிடத்தில் நான்கு முட்டிக்கே போனது. வாயு மாத்திரையோடு வீட்டுக்குப் போனவர், பத்தே நாளில் மாரடைப்போடு பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்துக்கொண்டார். ஆனால் கூடை தூக்கும் வேலை அதோடு போயிற்று.

நான் வெட்டி எறிந்தது "நடந்தா", "உக்காந்தா" என்ற இரண்டு சொற்களை. உடம்பை வருத்தும்போது வந்து, ஓய்வெடுத்தால் அடங்கும் நெஞ்சடைப்பு, இதயத்துக்குப் போதிய ரத்தம் போகாததன் அடையாளமாக இருக்கலாம். "வாயு" அவர் வைத்த பெயர்தான். எப்போது வருகிறது, எதனால் அடங்குகிறது என்பதில்தான் டாக்டருக்குச் சேதி இருக்கிறது.

இன்று அதே சீட்டு வந்தால் அந்தக் கடைசி வரியை அவர் சொன்னபடியே முதலில் எழுதுவேன். எத்தனை நாளாக, முன்னைவிடக் குறைந்த தூரத்திலேயே வருகிறதா என்று கேட்டுப் பக்கத்தில் குறிப்பேன். அடுத்தது மாத்திரை: தீர்ந்து எத்தனை நாள்? அரிப்பையும் தூக்கத்தையும் அதோடு சேர்ப்பேன். இரவில் ஒன்றுக்குப் போக எழுந்து எழுந்தே தூக்கம் கெடுகிறது என்றால், மூன்றும் ஏறிப்போன சுகராகவே இருக்கலாம். முட்டிக்கு அடுத்த வாரம் ஒரு தேதி. அதை அவரிடமே சொல்லிவிடுவேன். இல்லாவிட்டால் உள்ளே போய் முட்டியில்தான் ஆரம்பிப்பார்.

அப்புறம் ஒன்று. உட்கார்ந்திருக்கும்போது எடுத்த ஈசிஜி நன்றாக இருந்தாலும் அந்த முதல் வரியை அடிக்கக் கூடாது. வலி இல்லாத நேரத்து ஈசிஜி சாதாரணமாகவே இருக்கக்கூடும்.

"வேற ஒண்ணும் இல்லையே?"

இப்படிக் கேட்டால் "இல்லை" என்ற பதிலை நாமே வாயில் ஊட்டுகிறோம். "இன்னும் என்னம்மா இருக்கு?" என்று கேளுங்கள்.

வரிசையை நாமே முடிப்பது

முதல் இடம் ஆபத்தானதற்கு. இரண்டாவது எது என்பதை அவரையும் கேட்டு வையுங்கள். "எதைக் கேக்காமப் போனா மனசு ஆறாது?" என்றால் சில சமயம் சீட்டிலேயே இல்லாத ஒன்று வரும்.

இப்போதே நெஞ்சு வலிக்கிறது என்றால்

சீட்டை மூடுங்கள். நேரே டாக்டரிடம்.

சீட்டைக் குப்பையில் போடுவது

கேஸ் ஷீட்டோடு பின் பண்ணுங்கள்.