காது திரும்பிப் படிக்காது: முன்னுரையைத் திருத்தும்போது நேரும் தவறுகள்

மொரிஷியஸில், ரோஸ் ஹில் பக்கத்துக் கோவில் மண்டபம் ஒன்றில் மாதம் ஒரு முறை தமிழில் உடல்நலப் பேச்சு நடக்கும். பேச வருபவர்களின் முன்னுரையை முதலில் கேட்டுத் திருத்தித் தருவது என் வேலை. கேட்க வருபவர்களில் பெரும்பாலானோர் வீட்டில் கிரியோல் பேசுகிறவர்கள். தமிழ் புரியும், ஆனால் வேகமாக ஓடினால் பின்தங்கிவிடுவார்கள். போன மாதம் ஒரு செவிலியர் கொண்டுவந்த முன்னுரையின் முதல் வாக்கியம் இது:

"1987ஆம் ஆண்டு டபிள்யூ.எச்.ஓ.வின் ஒத்துழைப்புடன் வயதுவந்தோரிடையே மேற்கொள்ளப்பட்ட என்.சி.டி. கணக்கெடுப்பின் அடிப்படையில் வகுக்கப்பட்ட தலையீட்டுத் திட்டத்தின் ஓர் அங்கமாக நிறைவுற்ற கொழுப்பமிலம் மிகுந்த பாமாயிலுக்குப் பதிலாக சோயா எண்ணெய் ரேஷனில் அறிமுகப்படுத்தப்பட்டதையடுத்து மக்களின் சராசரி சீரம் கொலஸ்ட்ரால் 5.5 எம்எம்ஓஎல்லிலிருந்து 4.7 ஆகக் குறைந்தமை குறிப்பிடத்தக்கது."

சொன்ன செய்தி சரிதான். 33 சொற்கள். அதில் நடந்தது என்ன என்று காதுக்குத் தெரியவைக்கும் சொல், 'குறைந்தமை', 32ஆவதாக வருகிறது. தமிழில் வினை கடைசியில் வரும். அதோடு 'மேற்கொள்ளப்பட்ட', 'வகுக்கப்பட்ட', 'மிகுந்த' என்று எச்சங்கள் அடுக்கடுக்காகப் பெயருக்கு முன்னால் வந்து நிற்கும். ஒவ்வொரு எச்சமும் "கொஞ்சம் பொறு, நான் எதைச் சேர்ந்தவன் என்று பிறகு சொல்கிறேன்" என்று கேட்பவரின் கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுக்கிறது. படிப்பவர் கண்ணை மேலே கொண்டுபோய்த் திரும்பப் பார்த்துக்கொள்ளலாம். கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. மூன்றாவது பொட்டலம் கைக்கு வரும்போது முதலாவது விழுந்துவிடும்.

இதைத் திருத்த உட்காருகிறவர்கள் செய்யும் முதல் தவறு, வாக்கியத்தை அதே வரிசையில் துண்டு போடுவது. அந்தச் செவிலியரும் அப்படித்தான் செய்து வந்தார். "1987இல் ஒரு கணக்கெடுப்பு மேற்கொள்ளப்பட்டது. அதன் அடிப்படையில் ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. அதன் ஓர் அங்கமாக..." வாக்கியம் குட்டையாகிவிட்டது, ஆனால் கேட்பவருக்கு இன்னும் பிடி கிடைக்கவில்லை. ஏனென்றால் வரிசை இன்னும் அலுவலகக் கோப்பின் வரிசை: கணக்கெடுப்பு, திட்டம், அங்கம், எண்ணெய், ரத்தம். அவர் ஏற்கெனவே அறிந்த பொருள் எண்ணெய் ஒன்றுதான். அதுவோ நான்காவதாக வருகிறது. அதோடு 'அதன்', 'அதன்' என்று இரண்டு முறை வந்தால், எதன் என்று காது தேட வேண்டியிருக்கிறது. பேச்சில் பெயரைத் திரும்பச் சொல்வது குற்றம் இல்லை. எழுத்தில் நாம் கூச்சப்படும் அந்தத் திரும்பக்கூறலைத்தான் காது எதிர்பார்க்கிறது.

அப்புறம் சுருக்கப் பெயர்கள். 'டபிள்யூ.எச்.ஓ.' என்பதை 'உலக சுகாதார நிறுவனம்' என்று விரித்துவிட்டால் போதும் என்று நினைப்பது அடுத்த தவறு. எங்கள் தீவில் இதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பிரெஞ்சுப் பத்திரிகை படிப்பவர்களுக்கு அதே நிறுவனம் 'ஓ.எம்.எஸ்.' ஆங்கிலம் படித்த பேரனுக்கு 'டபிள்யூ.எச்.ஓ.' தமிழில் விரித்தால் மூன்றாவது பெயர். எதைச் சொன்னாலும் மண்டபத்தில் ஒரு பகுதி நின்று யோசிக்கும், அந்த நேரத்தில் அடுத்த வாக்கியம் போய்விடும். நான் செவிலியரிடம் கேட்டது ஒரே கேள்வி: "இந்தப் பெயர் உங்கள் பேச்சில் திரும்ப எங்காவது வருகிறதா அக்கா?" வரவில்லை. அப்படியானால் எடுத்துவிடலாம். திரும்ப வரும் பெயர் என்றால் முதலில் பொருளைச் சொல்லி, பிறகு பெயரைச் சொல்லி, அடுத்த வாக்கியத்திலேயே அந்தப் பெயரை ஒரு முறை பயன்படுத்திவிட வேண்டும். 'என்.சி.டி.' அப்படிப்பட்டது. "ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாத நோய்கள், சர்க்கரை நோய், இதய நோய் மாதிரி" என்று முதலில் சொல்லி, பேச்சு முழுக்க 'தொற்றாத நோய்' என்றே போகலாம் என்று முடிவு செய்தோம்.

நல்ல எண்ணத்தோடு செய்யப்படுவதால் என்னை மிகவும் வருத்தும் தவறு ஒன்று உண்டு. ஆங்கிலக் கலைச்சொல்லை எடுத்துவிட்டுத் தமிழ்க் கலைச்சொல்லைப் போட்டுவிட்டால் புரியும் என்ற நம்பிக்கைதான் அது. 'நிறைவுற்ற கொழுப்பமிலம்' நல்ல தமிழ்ச்சொல். பாடப்புத்தகத்தில் அதற்கு இடம் உண்டு. ஆனால் முதன்முதலாகக் கேட்பவருக்கு அது 'நிறைவு' என்ற வேறு எதையோ நினைவூட்டும். சொல்லை மாற்றாமல், அந்தச் சொல் சுட்டும் பொருளின் கண்ணுக்குத் தெரியும் குணம் ஒன்றைத் தேடினோம். நிறைவுற்ற கொழுப்பு அதிகம் உள்ள எண்ணெய் சீக்கிரம் உறையும். கியூர்பிப் பக்கக் குளிரில் பாமாயில் பாட்டிலின் அடியில் வெள்ளையாகக் கட்டுவதைப் பார்த்தவர்கள் மண்டபத்தில் நிறையப் பேர் இருப்பார்கள். அதைச் சொன்னால் போதும்.

எண்களிலும் அப்படித்தான். 5.5, 4.7, எம்எம்ஓஎல் என்ற அலகு என்று மூன்று விஷயத்தைக் காதில் போட்டால் ஒன்றும் நிற்காது. 5.5இலிருந்து 0.8 குறைவது ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. முன்னுரைக்கு அந்த ஒன்று போதும், அளவுகளைப் பின்னால் திரையில் காட்டலாம்.

இவ்வளவும் செய்து வந்த வடிவம் இது; 'டெல்வில் ராசியோன்' என்பது ரேஷன் எண்ணெய்க்குக் கிரியோல் பெயர்:

"நம் வீட்டு ரேஷன் எண்ணெய், டெல்வில் ராசியோன், ஒரு காலத்தில் பெரும்பாலும் பாமாயில்தான். குளிரில் வெள்ளையாக உறையுமே, அந்த எண்ணெய். அது ரத்தத்தில் கொழுப்பை ஏற்றும். 1987இல் நம் மக்களின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். கொழுப்பு அதிகமாக இருந்தது. அதனால் ரேஷன் எண்ணெயை மாற்றினார்கள். பாமாயிலுக்குப் பதில் பெரும்பாலும் சோயா எண்ணெய் வந்தது. ஐந்து வருடம் கழித்து, 1992இல், மறுபடியும் ரத்தத்தைச் சோதித்தார்கள். கொழுப்பு ஏழில் ஒரு பங்கு குறைந்திருந்தது."

33 சொற்கள் 50 ஆகக் கூடித்தான் போயின. அது பரவாயில்லை, காதுக்கு எழுதும்போது சொற்கள் கூடும். ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நானும் முதலில் கவனிக்கவில்லை. இப்படி வரிசையாகச் சொன்னால், எண்ணெய் மாறியதால் மட்டுமே கொழுப்பு குறைந்தது என்று காது தானாக முடிச்சுப் போட்டுக்கொள்ளும். அந்த ஐந்து வருடங்களில் உடல்நலப் பிரசாரமும் நடந்தது. எண்ணெய் பெரிய காரணம்தான், ஆனால் ஒரே காரணம் அல்ல. சர்க்கரை நோயோ அதனால் குறைந்துவிடவில்லை. எளிமையாக்கும்போது முதலில் உதிர்வது இந்த மாதிரி வரையறைகள்தான். எழுத்தில் அவற்றை வாக்கியத்தின் நடுவில் செருகலாம். பேச்சில் தனி வாக்கியமாகக் கடைசியில் வைக்க வேண்டும்: "எண்ணெய் மட்டும் காரணம் இல்லை. ஆனால் எண்ணெய்க்குப் பெரிய பங்கு உண்டு. சர்க்கரை நோயோ குறையவில்லை, இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்." வரையறைக்காகச் சேர்த்த வாக்கியமே பேச்சுக்கு வாசலும் ஆகிவிட்டது.

கடைசியில் ஒரு சோதனை. எழுதியவரே மனதுக்குள் வாசித்துப் பார்த்து "புரிகிறது" என்பது சோதனை ஆகாது, அவருக்கு முன்பே தெரியும். தாளைப் பார்க்காத ஒருவருக்கு, பேசும் வேகத்தில், ஒரே ஒரு முறை வாசிக்க வேண்டும். "புரிந்ததா?" என்று கேட்கக் கூடாது, மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார்கள். "என்ன சொன்னேன், நீங்கள் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். மண்டபத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் செவிலியர் வாசித்தார். பாட்டி பாதி தமிழிலும் பாதி கிரியோலிலும் எண்ணெய் மாறிய கதையை அப்படியே திருப்பிச் சொன்னார். 'ஏழில் ஒரு பங்கு' வந்த இடத்தில் மட்டும் தடுமாறினார். செவிலியர் தாளில் அதை அடித்துவிட்டு, "ஏழு ரூபாயில் ஒரு ரூபாய் குறைந்த மாதிரி" என்று எழுதிக்கொண்டார்.