நாட்காட்டி ஐகானுக்குள் ஒரு சின்னச் சதுரம்: லூசைட் தொகுப்போடு ஒட்டிப்போக

லூசைட் தொகுப்பின் நாட்காட்டி ஐகானில் ஒரு நாளைக் குறிக்கும் சிறு சதுரம் சேர்ப்போம். வரைகலை மென்பொருள் வேண்டாம். `calendar.svg` கோப்பை நோட்பேடில் திறந்தாலே போதும்.

முதலில் மேலே உள்ள `svg` வரியைப் படியுங்கள். `viewBox` 24×24, `stroke-width` 2, முனைகளும் இணைப்புகளும் `round`. இவற்றைத் தொடவே கூடாது. தொகுப்பில் இன்னும் இரண்டு விதிகள் உண்டு: தனித்தனி உறுப்புகளுக்கு நடுவே 2 அலகு இடைவெளி வேண்டும், 8 அலகும் அதற்கு மேலும் உள்ள செவ்வகத்துக்கு மூலை வளைவு 2, அதைவிடச் சிறியதற்கு 1.

அடுத்து, இடத்தை அளக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். கோப்பில் உள்ள எண்கள் கோட்டின் நடுவைச் சொல்கின்றன, விளிம்பை அல்ல. உடற்சட்டத்தின் வலக்கோடு 21இல் இருந்தால், மை 20 முதல் 22 வரை பரவும். அதேபோல் குறுக்குக்கோடு 10இல், கீழ்க்கோடு 22இல். எனவே உள்ளே செங்குத்தாகக் காலியாக இருப்பது 11 முதல் 21 வரை. இருபுறமும் 2 விட்டால் 13 முதல் 19 வரை, 6 அலகு மிஞ்சும். அதற்குள் கோட்டின் தடிமனும் அடங்க வேண்டும் என்பதால் நடுக்கோடு 14இல் தொடங்கி 18இல் முடியும், உயரம் 4. வலப்பக்கமும் அப்படியே கணக்கிட்டால் நடுக்கோடு 17இல் முடியும், 13இல் தொடங்கும்.

`</svg>`க்கு முன் இந்த வரியைச் சேருங்கள்:

```
<rect x="13" y="14" width="4" height="4" rx="1"/>
```

`rx` ஏன் 1? பெரிய சட்டத்தைப் பார்த்து 2 கொடுத்தால், 4 அலகுப் பக்கத்தில் இரு வளைவுகளும் நடுவில் சந்தித்துச் சதுரம் வட்டமாகிவிடும்.

இங்க்ஸ்கேப்பில் பெரிய சட்டத்தை நகலெடுத்துச் சுருக்குவது சுலபமாகத் தெரியும். ஆனால் கோட்டையும் சேர்த்துச் சுருக்கும் அமைப்பு இயங்கினால், 18 அலகு 4 ஆகும்போது தடிமன் 2இலிருந்து சுமார் 0.44 ஆகிவிடும். மேலும், அகலப் பெட்டி வழக்கமாகக் கோட்டையும் சேர்த்தே அளக்கும். நமது சதுரத்துக்கு அது 6 என்று காட்டும். கோட்டைச் சுருக்கும் அமைப்பு இயங்காதபோது அங்கே 4 என்று தட்டினால் நடுக்கோடு 2 அலகாகச் சுருங்கிப்போகும்.

பிறகு பழைய ஐகானையும் புதியதையும் பிரவுசரில் 24 பிக்சலில், 100% பெரிதாக்கத்தில் அருகருகே வையுங்கள். சதுரத்தின் ஓரம் மங்கலாக இருந்தால் `x` அல்லது `y` மதிப்பில் 13.5 போல ஒரு பின்னம் நுழைந்திருக்கும். கோடு அரைப் பிக்சலில் விழுகிறது. அடர்த்தி மிக்க போன் திரை இந்தத் தவறை மறைத்துவிடும், சாதாரண மானிட்டரில் பாருங்கள்.

16 பிக்சலில் சதுரத்தின் உள்துளை 1.33 பிக்சலாகிக் கலங்கிவிடும். அந்த அளவுக்குச் சதுரத்தை விட்டு, தொகுப்பே கையாளும் புள்ளியைப் போடுவது நல்லது:

```
<path d="M15 16h.01"/>
```