உமங் செயலியைத் தமிழில் பயன்படுத்துவது எப்படி? பி.எஃப். பக்கங்கள் ஏன் ஆங்கிலத்திலேயே நிற்கின்றன?

திருப்பூரில் பின்னலாடைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் மைத்துனருக்கு பி.எஃப். பாஸ்புக்கைக் கைப்பேசியிலேயே பார்க்க வேண்டியிருந்தது. உமங் செயலியைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தேன். முகப்புப் பக்கம் தமிழில் வந்தது, பி.எஃப். சேவைக்குள் நுழைந்ததும் ஆங்கிலம் வந்தது. பாஸ்புக்கைத் திறந்தால் இந்தியும் சேர்ந்துகொண்டது. மொழி அமைப்பு வேலை செய்யவில்லை என்று நினைத்துப் பலர் இந்த இடத்தில் செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுகிறார்கள். அதனால் எந்தப் பயனும் இல்லை. எது தமிழில் வரும், எது வராது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் வேலை எளிதாகும் என்பதால் இந்தக் குறிப்பை எழுதுகிறேன். செயலியை நிறுவுவது, கைப்பேசி எண்ணைப் பதிவுசெய்வது ஆகியவற்றை விளக்கப்போவதில்லை.

தமிழ் எங்கே இருக்கிறது

உமங் 2017 நவம்பரில் தொடங்கப்பட்ட மத்திய அரசுச் செயலி. இப்போது ஆங்கிலத்தையும் சேர்த்து 23 மொழிகளில் இயங்குகிறது. புதிதாக நிறுவி முதன்முறை திறக்கும்போதே மொழிப் பட்டியல் வரும். அவசரத்தில் அதைத் தாண்டிவிட்டவர்கள் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். முகப்பின் மேல் மூலையில் உள்ள மூன்று கோட்டுக் குறியையோ சுயவிவரப் படத்தையோ தொட்டு, Settings என்பதற்குள் சென்று, Language என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செயலி புதுப்பிக்கப்படும்போது இந்தக் குறிகளின் இடம் மாறக்கூடும் என்பதால் இடத்தை மனப்பாடம் செய்யாமல் Settings, Language என்ற இரண்டு சொற்களைத் தேடுங்கள். பட்டியலில் ஒவ்வொரு மொழியும் அதனதன் எழுத்திலேயே இருக்கும். "தமிழ்" என்பதைத் தொட்டு உறுதிசெய்தால் போதும்.

யாராவது தவறுதலாக வேறு மொழிக்கு மாற்றிவிட்டுப் படிக்க முடியாத எழுத்தில் மாட்டிக்கொண்டால், பல்சக்கரப் படம் இருக்கும் வரியைத் தேடி உள்ளே செல்லுங்கள். அங்கே மொழிப் பட்டியல் கண்ணில் பட்டதும் "தமிழ்" என்ற எழுத்தை அடையாளம் காண்பது கடினமாக இராது.

மொழி மாற்றத்தை ஒரு விண்ணப்பத்தைத் தொடங்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பாதி நிரப்பிய படிவத்தை விட்டு வெளியே வந்து மொழியை மாற்றினால், நிரப்பியது அப்படியே காத்திருக்கும் என்று நம்ப முடியாது.

எந்தப் பக்கங்கள் தமிழுக்கு வராது

உமங் என்பது பல துறைகளின் சேவைகளுக்குப் பொதுவான வாசல். அந்த வாசலின் பலகைகள், அதாவது முகப்பு, சேவை வகைகளின் பெயர்கள், கீழே உள்ள பொத்தான்கள், அமைப்புகள் பக்கம் ஆகியவை உமங்கிற்கே சொந்தமானவை. நீங்கள் தேர்ந்த மொழிக்கு மாறுபவை இவைதான். உள்ளே சென்று ஒரு சேவையைத் தொட்டவுடன் தகவல் அந்தந்தத் துறையின் சர்வரிலிருந்து வருகிறது. உங்கள் மொழித் தேர்வு அந்த சர்வரை எட்டுவதில்லை, அல்லது எட்டினாலும் அங்கே தமிழ்ப் பதிப்பு இருப்பதில்லை. ஆகவே பி.எஃப். சேவையில் படிவத்தின் தலைப்பு தமிழிலும், கீழே விரியும் பட்டியலில் உள்ள தேர்வுகள் ஆங்கிலத்திலும் கலந்து நிற்பதைப் பார்க்கலாம். பிழைச் செய்திகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும், ஏனெனில் அவற்றை அனுப்புவது துறையின் சர்வர். ஓடிபி குறுஞ்செய்தியும் அப்படியே.

ஒரு பக்கம் செயலிக்குச் சொந்தமானதா, துறையின் இணையப் பக்கம் செயலிக்குள் திறந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க நான் ஒரு வழியைப் பயன்படுத்துகிறேன். திரையில் உள்ள ஒரு சொல்லின் மேல் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். சொல் நீல நிறத்தில் தேர்வாகி, நகலெடுக்கும் பட்டை மேலே எழுந்தால் அது பெரும்பாலும் உள்ளே திறந்த இணையப் பக்கம். ஒன்றும் நடக்கவில்லையெனில் அது பெரும்பாலும் செயலியின் சொந்தப் பக்கம். முதல் வகைப் பக்கத்தில் எத்தனை முறை மொழியை மாற்றினாலும் தமிழ் வரப்போவதில்லை என்று முடிவுசெய்து, அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

தேடல் பெட்டியில் என் யோசனை ஒன்றுதான்: செயலி தமிழில் இருந்தாலும் EPFO என்று ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். துறைகளின் சுருக்கப் பெயர்கள் ஆங்கிலத்தில்தான் பதிவாகியிருக்கின்றன. படிவங்களில் பெயர், ஊர் போன்றவற்றை நிரப்பும்போதும் விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டு, ஆதாரில் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்துக்கு எழுத்து தட்ட வேண்டும். தமிழில் தட்டினால் பெட்டி அதை வாங்கிக்கொண்டதுபோல் தோன்றி, அனுப்பும்போது நிராகரிக்கலாம்.

பாஸ்புக் பக்கம்: நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம்

பாஸ்புக்கைத் திறக்க பன்னிரண்டு இலக்க யு.ஏ.என். எண்ணைத் தட்டி ஓடிபி பெற வேண்டும். உமங்கில் பதிவுசெய்த எண் எதுவானாலும், இந்த ஓடிபி யு.ஏ.என்.உடன் இணைந்த கைப்பேசி எண்ணுக்குத்தான் செல்லும். இரண்டும் வேறு எண்களாக இருந்தால் அந்தக் கைப்பேசி பக்கத்தில் இருக்கட்டும். பின்னர் உறுப்பினர் எண்களின் பட்டியல் வரும். ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களில் வேலை பார்த்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி எண் இருக்கும். இப்போதைய நிறுவனத்தின் எண்ணைத் தொட்டால் பாஸ்புக் திறக்கும்.

இதன் தலைப்புகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருக்கின்றன. கைப்பேசி தானாக இந்திக்கு மாறிவிடவில்லை. பாஸ்புக் ஆவணமே அந்த இரு மொழிகளில் அச்சாகும்படி அமைக்கப்பட்டது. அதை மாற்ற எந்த அமைப்பும் இல்லை. ஆனால் இந்தப் பக்கத்தைப் படிக்க மொழி அதிகம் தேவைப்படுவதில்லை. மூன்று தொகைகளை அடையாளம் கண்டால் போதும்.

மைத்துனரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பி.எஃப். கணக்கிடப்படும் அவருடைய சம்பளம் 15,000 ரூபாய். Employee என்ற தலைப்பின் கீழ் 1,800 இருந்தது. அது அவர் சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட்ட 12 விழுக்காடு. நிறுவனமும் அதே 12 விழுக்காட்டைச் செலுத்துகிறது, ஆனால் அது ஒரே இடத்தில் தெரியாது. அதில் 8.33 விழுக்காடு, அதாவது 1,250 ரூபாய், Pension என்ற தலைப்பின் கீழ் ஓய்வூதியக் கணக்குக்குச் செல்கிறது. மீதமுள்ள 550 ரூபாய்தான் Employer என்ற தலைப்பின் கீழ் நிற்கிறது. "நான் 1,800 கட்டுகிறேன், கம்பெனி 550தான் கட்டுகிறது" என்று அவர் கொதித்தது இதனால்தான். 550ஐயும் 1,250ஐயும் கூட்டிப் பார்த்ததும் கணக்கு நேராகிவிட்டது. ஓய்வூதியத் தலைப்பில் உள்ள தொகைக்கு வட்டி சேராது என்பதையும் நினைவில் வையுங்கள். வட்டி வரவு மற்ற இரண்டு தலைப்புகளில்தான் தெரியும்.

மாதப் பெயர்களிலும் ஒரு குழப்பம் உண்டு. ஏப்ரல் மாதச் சம்பளத்துக்கான தொகையை நிறுவனம் மே மாதத்தில் செலுத்த வேண்டும் என்பதால், அந்த வரியில் Due-Month என்ற சொல்லுக்குப் பின் மே மாதத்தைக் குறிக்கும் 05 என்ற எண் வரும். ஒரு மாதம் விடுபட்டுவிட்டதாக நினைக்கும் முன் இதைச் சரிபாருங்கள்.

பணம் எடுக்கும் விண்ணப்பத்துக்கும் இதே முறைதான் உதவும். அங்கேயும் தேர்வுகள் ஆங்கிலத்தில் இருக்கும், ஆனால் படிவ எண்கள் எந்த மொழியிலும் மாறுவதில்லை. வேலையில் இருந்துகொண்டே முன்பணம் பெற 31, வேலையை விட்டபின் முழுக் கணக்கையும் முடிக்க 19, ஓய்வூதியத் தொகையைத் திரும்பப் பெற 10C. சொற்களைத் துரத்தாமல் எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

மொழிபெயர்ப்புக் கருவிகள் பற்றி

கைப்பேசிச் செயலியைவிட web.umang.gov.in தளத்தை குரோம் உலாவியில் திறப்பதையே நான் விரும்புகிறேன். அங்கேயும் மொழித் தேர்வு உண்டு. அது எட்டாத பக்கங்களை உலாவியின் மெனுவில் உள்ள மொழிபெயர்ப்பு வசதியால் தமிழில் படித்துக்கொள்ளலாம். ஆனால் படிப்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். படிவத்தை நிரப்பி அனுப்பும் முன் மூல மொழிக்குத் திரும்பிவிடுங்கள், ஏனெனில் இயந்திரம் ஆள் பெயரையும் நிறுவனப் பெயரையும்கூட மொழிபெயர்த்துக் காட்டும், சரிபார்க்கவே முடியாமல் போகும். திரைப்பிடிப்பு எடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் ஏற்றுபவர்கள் யு.ஏ.என்., வங்கிக் கணக்கு எண் இருக்கும் பகுதியை முதலில் வெட்டி நீக்கிவிடுங்கள்.

பின்சேர்க்கை

இருப்புத் தொகை மட்டும் தமிழில் தெரிந்தால் போதும் என்று கேட்ட வாசகர்களுக்கு உமங்கே தேவையில்லை. யு.ஏ.என். செயல்பாட்டில் இருந்து, அதில் பதிவான கைப்பேசி எண்ணிலிருந்து கீழ்க்காணும் குறுஞ்செய்தியை 7738299899 என்ற எண்ணுக்கு அனுப்பினால், கடைசியாகச் செலுத்திய தொகையும் இருப்பும் தமிழில் வரும்.

```
EPFOHO UAN TAM
```

இதன் கீழ் வந்த கேள்விகளில் பெரும்பான்மை ஒன்றுதான்: பதில் வரவில்லை என்பது. அவர்களில் பலர் நடுவில் தங்கள் பன்னிரண்டு இலக்க எண்ணைத் தட்டியிருந்தார்கள். UAN என்ற மூன்று எழுத்துகளை அப்படியே தட்ட வேண்டும். உங்களை அடையாளம் காண்பது செய்தி புறப்பட்ட கைப்பேசி எண்ணை வைத்துத்தான். இரண்டு சிம் உள்ள கைப்பேசியில் எந்த சிம்மிலிருந்து செய்தி போகிறது என்பதையும் அனுப்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.