டேங்க் நிரப்பியதும் வண்டி ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்குதுங்களா?

அவினாசி ரோட்டு பங்க்கில் ஃபுல் டேங்க் போட்டு சாவியைத் திருப்பினால் பெட்ரோல் கார் இழுத்து இழுத்துத்தான் ஸ்டார்ட் ஆகுது, தேவையில்லாதபோதும் பெட்ரோல் ஆவி எஞ்சினுக்குப் போகுதுன்னு சொல்லும் P0496 கோடை ஸ்கேனர் காட்டுதுன்னா, பெட்ரோல் பம்பை மாற்ற ஓடாதீங்க. முதலில் அந்த ஆவியை எஞ்சினுக்குத் திறந்துவிடும் பர்ஜ் வால்வைப் பாருங்க.

பெட்ரோல் நிரம்பும்போது டேங்கில் இருக்கும் ஆவி, அதைப் பிடித்துவைக்கும் கரி கேனிஸ்டருக்குத் தள்ளப்படும். வால்வு மூடாமல் சிக்கியிருந்தால் அந்த ஆவி நேராக இன்டேக்குக்குள் போய் கலவை அடர்த்தியாகிவிடும். அரை டேங்கில் இந்தத் தொல்லை பெரிதாகத் தெரியாது.

சோதிப்பது சுலபமுங்க. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஐடிலில் ஓடும்போதே வால்வுக்கு கேனிஸ்டரிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றி, வால்வு வாயில் விரலை வையுங்க. அப்போது உறிஞ்சக் கூடாது. உறிஞ்சினால் வயர் பிளக்கையும் கழற்றிப் பாருங்க. அப்பவும் நிற்கவில்லையா, வால்வு போச்சு. நின்றுவிட்டால் வயரிங்கைப் பாருங்க. ஆனால் எஞ்சின் சூடேறியபின் விட்டுவிட்டு உறிஞ்சுவது இயல்பு.

மாற்றும்வரை, ஆக்ஸிலேட்டரை முழுசா மிதித்துக்கொண்டு கிராங்க் செய்யுங்க. பெரும்பாலான வண்டிகளில் அப்போது இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். பிடித்ததும் காலை எடுத்திருங்க.

கழற்றிய வால்வைத் தட்டினால் கரித்தூள் கொட்டுதா? கேனிஸ்டரும் உடைந்திருக்கும், புது வால்வும் சீக்கிரம் சிக்கிக்கொள்ளும். நாசில் தானாக நின்றபிறகும் ‘ரவுண்டா போடுங்கண்ணா’ன்னு ஊற்றச் சொல்வது கேனிஸ்டரை பெட்ரோலில் நனைத்துக் கெடுக்கிற வேலை.